மணிக்கட்டில் வந்த விரிசல்: கருங்கல்லில் முருகன் உருவாகும் கணக்கு

 

போன வருஷம் ஐப்பசியில ஒரு ராத்திரி எங்க ஊர் கோயில் கமிட்டி குரூப்ல ஒரு போட்டோ வந்தது. மாமல்லபுரத்துல செய்யக் கொடுத்திருந்த முருகன் சிலை. முகம் முடிஞ்சிருந்தது, கிரீடம் முடிஞ்சிருந்தது. வேல் பிடிச்ச வலது மேல் கையில, மணிக்கட்டுக்குக் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. கீழே பட்டறையில இருந்து ஒரு வரி: "இந்தச் சிலை ஆகாது, வேற கல் எடுக்கணும்."

அடுத்த அரை மணி நேரம் குரூப்ல நடந்ததை இங்கே எழுதலை. தெய்வக் குத்தம்னு ஒருத்தர், ஏமாத்துறாங்கன்னு இன்னொருத்தர், ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கன்னு மூணாவது ஆள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சாச்சு, பத்திரிகை அடிக்கக் கொடுத்தாச்சு. நான் சென்னையில ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிறவன். எங்க வேலையில ஒண்ணு உடைஞ்சா, யார் உடைச்சாங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி எப்படி உடைஞ்சதுன்னு பார்ப்போம். அந்தப் பழக்கத்துல சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கிட்டு மாமல்லபுரம் போனேன். அதுக்கப்புறம் நாலஞ்சு மாசம் வார விடுமுறையில போய்க்கிட்டே இருந்தேன். பட்டறை ஸ்தபதி ஐயா பொறுமையா சொல்லிக் கொடுத்ததையும், நான் வீட்டுக்கு வந்து படிச்சதையும் சேர்த்து எழுதுறேன். கோயிலுக்குச் சிலை செய்யக் கொடுக்கப் போற கமிட்டிக்காரங்க கட்டாயம் படிங்க.

முதல்ல கல்லைப் பத்தி. நாம பொதுவா கருங்கல்னு சொல்லிடுறோம். மாமல்லபுரத்துல ரதங்களும் குகைகளும் குடைஞ்ச பாறை சார்னோகைட் வகை. கிரானைட்டுக்குச் சொந்தக்காரன், கொஞ்சம் கருத்த நிறம். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட சமாதிக் கல் இந்த வகைங்கிறதால 1893ல ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் வெச்ச பேர் அது. இதுக்குள்ள குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கருப்புத் தாதுன்னு பல மணிகள் ஒண்ணோட ஒண்ணு இறுகிக் கோத்து நிக்குது. அழுத்தினா யானை பலம், இழுத்தா பூனை பலம். அமுக்குறதைத் தாங்குற சக்தியில பத்துல ஒரு பங்கு, சில சமயம் அதைவிடக் குறைவாத்தான் இழுக்குறதைத் தாங்கும். சிலை வேலையில வர்ற விரிசல் எல்லாத்துக்கும் இதுதான் வேர். ஒரு பக்கம் வளைச்சா எதிர்ப் பக்கம் இழுபடும், கல் அங்கேதான் விடும்.

அதனால கல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடியுது. ஐயா சுத்தியலால தட்டிக் காட்டினார். நல்ல கல் மணி மாதிரி "ணங்"னு ஒலிச்சு ஓசை கொஞ்சம் நின்னு அடங்குது. சிற்ப நூல்கள் இந்த ஓசையை வெச்சுத்தான் ஆண் கல், பெண் கல், அலிக் கல்னு பிரிக்குது. வெண்கல மணி மாதிரி கணீர்னு ஒலிச்சா ஆண் கல், தாளம் மாதிரி மென்மையா ஒலிச்சா பெண் கல், ஓசையே எழும்பலைன்னா அலிக் கல். ஆண் தெய்வத்துக்கு ஆண் கல், அம்மனுக்குப் பெண் கல், அலிக் கல் அடியில போடுற வேலைக்கு. நான் முதல்ல இதை வெறும் சம்பிரதாயம்னு நெனச்சேன். யோசிச்சா, உள்ளே பிளவு இருக்கிற கல் அதிர்வைக் கடத்தாது, அதனால ஓசை செத்துப் போகும். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால தட்டிப் பார்க்கிறாங்களே, அதே சோதனை. ஒரே இடத்துல தட்டினாப் போதாது. தலைமாட்டுல இருந்து கால்மாடு வரைக்கும் சாண் சாணாத் தட்டிக்கிட்டே போகணும். எந்த இடத்துல "ணங்" போய் "டொக்" வருதோ, அங்கே ஏதோ இருக்கு.

ரெண்டாவது சோதனை தண்ணி. கல்லை நல்லா கழுவி, நனைச்சு, நிழல்ல காய விடணும். மேல்பரப்பு காய்ஞ்சு வெளுத்துட்டு வரும்போது, விரிசல் குடிச்ச தண்ணி மட்டும் வெளியே வர நேரமாகும். அதனால அந்தக் கோடு கருப்பாத் தனியா நிக்கும். அஞ்சு பத்து நிமிஷம்தான் தெரியும், அதுக்கப்புறம் அதுவும் காய்ஞ்சு மறைஞ்சுடும். காய்ற நேரத்துல பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கணும். வெள்ளை ரேகை இருக்கிற கல்லையும் ஐயா ஒதுக்கிட்டார். அது பாறை எப்பவோ பிளந்த இடத்துல பின்னாடி வேற தாது புகுந்து உறைஞ்சது. சில ரேகை கல்லை விட உறுதியாக்கூட இருக்கும், ஆனா உளி அதைத் தாண்டும்போது எந்தப் பக்கம் தெறிக்கும்னு சொல்ல முடியாதாம்.

கல் பூமியில கிடந்த கிடையும் முக்கியம். மண்ணைப் பார்த்துக் கிடந்த பக்கம் முகம், வானத்தைப் பார்த்த பக்கம் முதுகுன்னு சிற்ப மரபு சொல்லுது. வானத்தைப் பார்த்த பக்கம் வெயில்ல காய்ஞ்சு மழையில நனைஞ்சு மேல்தோல் நொந்து போயிருக்கும். நுணுக்க வேலை வர்ற முகத்தை அங்கே வைக்காம இருக்குறது புத்திசாலித்தனம்தான்.

இனி அளவு. எங்க சிலை நின்ற கோலம், நாலு கை. மேல் ரெண்டு கையில சக்தி வேலும் வஜ்ரமும், கீழ் வலது கை அபயம், கீழ் இடது கை இடுப்புல. உச்சந்தலையில இருந்து பாதம் வரை 3 அடி. கிரீடமும் பீடமும் இந்தக் கணக்குல வராது, அது தனி. எடுத்த கல் 5 அடி உயரம், 2 அடி அகலம், 1¼ அடி கனம். 12½ கன அடி, கிட்டத்தட்ட ஒரு டன்.

தாள முறைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தாளம்னா முகத்தோட நீளம். உத்தம தசதாளத்துல உருவத்தோட மொத்த உயரம் 124 அங்குலம். மத்திம தசதாளம் 120, அதம தசதாளம் 116. சிவன், விஷ்ணு, பிரம்மாவுக்கு 124, தேவியருக்கு 120. கோபிநாத ராவ் 1920ல எழுதின தாளமான நூல்ல குகன், அதாவது நம்ம சுப்பிரமணியர், 116 அங்குல வரிசையில வர்றார். அதமம்னு சொன்னதும் மனசு சுருங்க வேண்டாம். அது அளவுகளை வரிசைப்படுத்துற பேர், தெய்வத்தை இல்லை.

இந்த அங்குலம் நம்ம டேப்ல இருக்கிற இன்ச் கிடையாது. சிலையோட உயரத்தையே 116ஆப் பிரிச்சா வர்ற ஒரு பங்குதான் அந்தச் சிலைக்கு ஒரு அங்குலம். தேகலப்த அங்குலம்னு பேர். சிலை பெருசானா அங்குலமும் பெருசாகும், விகிதம் மாறாது. ஒரு அங்குலத்துக்கு 8 யவம். எங்க 3 அடி முருகனுக்குப் போட்டுப் பார்த்தேன். 914 மில்லிமீட்டரை 116ஆல வகுத்தா 7.88 மில்லிமீட்டர் ஒரு அங்குலம். அதை 8ஆல வகுத்தா யவம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதாவது இந்தச் சிலையில ஸ்தபதி "ஒரு யவம் எடு"ன்னு சொன்னா ஒரு மில்லிமீட்டர் எடுக்கணும். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை.

பிரிவு எப்படின்னா, 124 கணக்குல உச்சி 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்தடியில இருந்து மார்பு 13½, அங்கிருந்து தொப்புள் 13½, அங்கிருந்து அடிவயிறு முடியிற இடம் 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டிப் பாருங்க, 124 வரும். உத்துப் பார்த்தா ஒரு சூத்திரம் ஒளிஞ்சிருக்கு. உச்சி, கழுத்து, முழங்கால், பாதம் நாலும் தலைக்கு 4, மொத்தம் 16. மிச்சமெல்லாம் முகத்தோட மடங்கு: முகம் ஒண்ணு, உடம்பு மூணு, தொடை ரெண்டு, கணைக்கால் ரெண்டு, ஆக எட்டு முகம். 16ஐக் கழிச்சு எட்டால வகுத்தா 124க்கு முகம் 13½, 120க்கு 13, 116க்கு 12½. எங்க முருகனுக்கு முகம் 12½ அங்குலம், அதாவது சுமார் 98 மில்லிமீட்டர். தொடை 25 அங்குலம், 197 மில்லிமீட்டர். ஐயாகிட்ட இந்தச் சூத்திரத்தை எழுதிக் காட்டினேன். "நாங்க குச்சியில பிரிச்சு வெச்சுக்குவோம் தம்பி, கூட்டல் கழித்தல் எல்லாம் அந்தக் குச்சிக்குள்ளயே இருக்கு"ன்னு ஒரு மூங்கில் பட்டையை எடுத்துக் காட்டினார். சிலைக்குச் சிலை தனிப் பட்டை.

இது விரிசலுக்கு எப்படிச் சம்பந்தம்னு கேக்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கு.

மரத்துல, களிமண்ணுல தப்புப் பண்ணினா ஒட்டலாம். கல்லுல எடுத்தது எடுத்ததுதான். மூக்கு ஒரு நூல் கூடுதலாப் போயிட்டா முகம் முழுசையும் அதே அளவு உள்ளே தள்ளணும். முகம் உள்ளே போனா கழுத்து, தோள், கை எல்லாம் உள்ளே போகணும். கனமான இடத்துக்கு இது பெருசில்லை. ஆனா மணிக்கட்டு, விரல், வேலோட தண்டு மாதிரி மெல்லிசான இடத்துல அந்த ஒரு நூல் அங்கேயே கழிஞ்சுடும். உருண்டையான ஒரு தண்டு வளைவைத் தாங்குற சக்தி அதோட குறுக்களவின் மும்மடிக்கு ஏத்த மாதிரி மாறும்னு காலேஜ்ல படிச்சிருக்கோம். 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய மணிக்கட்டு 24 ஆனா, குறைஞ்சது அஞ்சுல ஒரு பங்குதான், ஆனா பலம் பாதியாயிடும்.

அதனால ஸ்தபதிங்க அளவைப் பாதுகாக்கிறதுக்கே பெரும் நேரம் செலவு பண்றாங்க. கல்லோட நடுவுல மேலிருந்து கீழ் வரை செங்காவியில ஒரு கோடு, பிரம்ம சூத்திரம். எல்லா அளவும் அந்தக் கோட்டுல இருந்துதான் இடமும் வலமும் போகும். கொத்தினா கோடு போயிடும். உடனே நூலைக் காவியில தோய்ச்சு மறுபடியும் போடுவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எண்ணிப் பார்த்தேன், பத்துக்கு மேல போனதும் விட்டுட்டேன். முதல் சுற்றுல உருவத்தைச் சுத்தி ஒரு விரல் கனம் விட்டுத்தான் கொத்துவாங்க. அந்த ஒரு விரல் கனம் தப்புக்காக மட்டும் விடுறது இல்லை. அதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதைப் புரிஞ்சிக்க உளியைப் பார்க்கணும்.

கருங்கல்லை உளி சீவுறது இல்லை, நொறுக்குது. கூர் முனை உளியைச் சாய்ச்சுப் பிடிச்சு அடிச்சா சில்லு தெறிக்கும், பலம் பக்கவாட்டுல வெளியே போயிடும். அதே உளியைச் செங்குத்தா நிறுத்திப் பலமா அடிச்சா சில்லு வராது, அடி முழுக்க உள்ளே இறங்கும். அந்த இடத்துல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். வெளியே புள்ளிதான், ஆனா அதுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத குட்டி விரிசல்கள் இறங்கியிருக்கும். ஐயா இதைக் "கல்லு நொந்து போச்சு"ன்னு சொல்வார். முதல் சுற்றுல பலமா அடிக்கிறதால இந்த நோவு தவிர்க்க முடியாதது. அந்த நொந்த தோல் முழுசும் அடுத்தடுத்த சுற்றுல மெதுவா எடுக்கப்பட்டு, கடைசியில நல்ல கல்லுல முகம் நிக்கணும். விட்டு வெச்ச ஒரு விரல் கனம் அதுக்கும்தான். அளவு நெருங்க நெருங்கச் சுத்தியல் சின்னதாகும், அடி லேசாகும். கடைசிக் கட்டத்துல உளி கிட்டத்தட்ட நேரா நிக்கும், ஆனா அடி தட்டுற மாதிரிதான் இருக்கும். சில்லு நின்னு மாவு வரும்.

விளிம்புல வேலை செய்யும்போது உளி எப்பவும் விளிம்புல இருந்து உடம்பைப் பார்த்து உள்நோக்கிப் போகணும். உள்ளே இருந்து வெளியே அடிச்சா கடைசி அரை விரல் அப்படியே பிச்சுக்கிட்டு வரும். கோயில்கள்ல பாதியில விட்ட தூண்ல மூலை தெறிச்சுக் கிடக்கிறதைப் பார்த்திருப்பீங்க.

உளி மழுங்கியிருந்தா எவ்வளவு சாய்ச்சுப் பிடிச்சாலும் கல் நோகும். கருங்கல்லுல ஒரு உளிமுனை சில நிமிஷம்தான் நிக்குது. அதனால ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் இருபது முப்பது உளி கட்டாக் கிடக்கும். மழுங்கினதைத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு அடுத்ததை எடுப்பாங்க. சாயந்திரம் கரி உலையில முனையைச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில வெச்சு அடிச்சுக் கூராக்கி, தண்ணியில தோய்ப்பாங்க. நுனியை மட்டும் தோய்ச்சு எடுத்து, தண்டுல இருக்கிற சூடு நுனிக்கு ஏறும்போது நிறம் மாறுறதைப் பார்த்துக்கிட்டே இருந்து, சரியான நிறம் வந்ததும் மறுபடி தண்ணியில விடுறாங்க. சீக்கிரம் விட்டா முனை கண்ணாடி மாதிரி ஒடியும், தாமதிச்சா கல்லுல பட்டதும் மடங்கும். இப்போ கார்பைடு முனை வெச்ச உளி கடையில கிடைக்குது, ரொம்ப நேரம் நிக்குது. கரடு வேலைக்கு அதைத்தான் எடுக்குறாங்க. முகத்துக்கு ஐயா இன்னும் உலையில காய்ச்சின உளிதான்.

அப்புறம், சிலை படுத்திருக்கிற இடம். மணல் மெத்தை, இல்லைன்னா பழைய டயர். ரெண்டு கட்டை மேல படுக்க வெச்சு நடுவுல அடிச்சா, அது பாலத்து மேல லாரி போற மாதிரி. அடிப்பக்கம் இழுபட்டுக் குறுக்கே விட்டுடும்.

இப்போ எங்க மணிக்கட்டுக்கு வர்றேன். மேல் கையும் கிரீடமும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. நடுவுல ஒரு கை நுழையற இடைவெளி வேணும். அதைத் திறக்கிற வரிசை இருக்கு. முதல்ல கை வெளிப்புறம், வேல், விரல் எல்லாம் வடிவத்துக்கு வரும். அந்த நேரம் முழுக்க கைக்கும் கிரீடத்துக்கும் நடுவுல கல் அப்படியே இருக்கும், கைக்கு முதுகு கொடுக்கும். விரல் முடிஞ்ச பிறகுதான் அந்த இடைவெளியைத் திறப்பாங்க. அப்பவும் வேலுக்கும் தோளுக்கும் நடுவுல சின்னதா ஒரு இணைப்பை விட்டுத்தான் திறக்கிறது. பழைய கோயில் சிலைகள்ல கைக்கும் காதுக்கும் நடுவுல சின்னப் பாலம் மாதிரி கல் நிக்கிறதை அடுத்த தடவை போகும்போது பாருங்க. அதை எடுக்க மறந்துடலை, வேணும்னே விட்டது.

நாங்க நாள் நெருங்குதுன்னு தினமும் போன் பண்ணினோம். பட்டறையில ஒரு பையன் அந்த இடைவெளியை முன்னாடியே மெஷின் பிளேடால திறந்திருக்கான். உளியால ஒரு வாரம், மெஷின்ல ரெண்டு மணி நேரம். பிளேடு வட்டமா இருக்கிறதால உள் மூலையைத் தொடணும்னா ஒரு பக்கம் கூடுதலாப் போய்த்தான் ஆகணும். மணிக்கட்டோட பின்பக்கம் மூணு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல் விழுந்திருக்கு. உளி விடுற பள்ளம் உருண்டையா இருக்கும், பிளேடு விடுறது கூர்மையான மூலை. நாம பிஸ்கட் பாக்கெட்டைக் கிழிக்க ஓரத்துல சின்னதா வெட்டு விட்டிருப்பாங்களே, அதே வேலைதான். அதுக்கப்புறம் முதுகு இல்லாத கையில விரலைக் கொத்த உட்கார்ந்திருக்காங்க. ஒவ்வொரு தட்டுக்கும் கை ஒரு துளி வளையும், கீறல் ஒரு துளி திறக்கும்.

முதல்ல தெரிஞ்சது கண்ணுக்கு இல்லை, காதுக்கு. காலையில "ணிங்"னு ஒலிச்ச விரல் மதியத்துக்கு மேல "டக்"னு ஒலிச்சிருக்கு. ஐயா சுத்தியலைக் கீழே வெச்சுட்டுத் தண்ணி ஊத்தச் சொல்லியிருக்கார். காய்ஞ்சு வரும்போது கோடு நின்னிருக்கு. அந்த நிமிஷமே போட்டோ எடுத்து அனுப்பிட்டார். ரெசின்ல கல் மாவைக் கலந்து அடைச்சு, எண்ணெய் பூசி அனுப்பியிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லை. பின்னமான சிலை மூலஸ்தானத்துக்கு ஆகாதுன்னு அவர் மறைக்காம சொன்னதுக்குத்தான் குரூப்ல அவரைத் திட்டினோம்.

சிலை வாங்கப் போறவங்களுக்கு: எண்ணெய் பூசுறதுக்கு முன்னாடி ஒரு நாள் போங்க. கருப்பா மின்னுற எண்ணெய் எல்லாத்தையும் மறைச்சுடும். ரெண்டு குடம் தண்ணி ஊத்தச் சொல்லிட்டுக் காயற வரைக்கும் உட்காருங்க. கருப்பாத் தங்குற கோடு விரிசல். சுத்தியும் நனைஞ்சு கருத்திருக்க, ஒரு கோடு மட்டும் நனையாம வெளிறி நின்னா அது அடைச்ச இடம், பசை தண்ணி குடிக்காது. மணிக்கட்டு, விரல், கழுத்து, கணுக்கால் நாலையும் பாருங்க. ஓசையை ஸ்தபதியையே தட்டிக் காட்டச் சொல்லுங்க, நீங்க தட்டாதீங்க. கை தவறிட்டா யார் பொறுப்பு!

கும்பாபிஷேகத்தைத் தள்ளி வெச்சோம். ஒத்துக்க வைக்க ரெண்டு கூட்டம் போட வேண்டியிருந்தது. ரெண்டாவது கல்லுல வேலை போன வாரம் வரைக்கும் இந்த நிலையில இருக்கு: விரல் அஞ்சும் முடிஞ்சது, வேல் முடிஞ்சது, இடைவெளி உளியாலேயே திறந்தாச்சு. வேல் நுனிக்கும் கிரீடத்துக்கும் நடுவுல சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு இணைப்பு இருக்கு. அதை எடுத்துட்டா இன்னும் அழகா இருக்குமேன்னு எங்க தலைவர் கேட்டார். "இருக்கட்டும்"னு மட்டும் சொன்னார் ஐயா. கண் இன்னும் திறக்கலை. அது ஊருக்கு வந்த பிறகு.